வகுப்பு அட்டவணைக்குள் ஒளிந்திருக்கும் ஆசிரியர்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தலைமை ஆசிரியருக்கு முதலில் வரும் தலைவலி டைம்டேபிள். எப்படியோ நாலைந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, வகுப்புக்கு ஒரு தாள் என்று கால அட்டவணையைத் தயார் செய்துவிடுவார்கள். அதை வகுப்பறைச் சுவரில் ஒட்டுவார்கள். பிள்ளைகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்வார்கள். திங்கள் முதல் பீரியட் கணக்கு, இரண்டாவது அறிவியல் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும்.

ஆனால் கணக்கு ஆசிரியருக்கு அந்தத் தாள் போதாது. அவர் எட்டாம் வகுப்புக்கும் போகிறார், ஒன்பதுக்கும் போகிறார், பத்துக்கும் போகிறார். வியாழக்கிழமை ஐந்தாவது பாடவேளையில் தான் எங்கே இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய, மூன்று வகுப்புத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேட வேண்டும். அதோடு அந்தத் தாள்களில் 'கணக்கு' என்று பாடத்தின் பெயர்தான் இருக்கும், ஆசிரியரின் பெயர் இருக்காது. அதனால் ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனியாக ஓர் அட்டவணை தேவைப்படுகிறது. இடப்பக்கம் ஐந்து நாள், மேலே எட்டு பாடவேளை, கட்டத்துக்குள் போக வேண்டிய வகுப்பு. இதைத்தான் ஆசிரியர் கால அட்டவணை என்கிறோம்.

இது புதிதாகப் போட வேண்டிய அட்டவணை இல்லை. வகுப்பு அட்டவணைகள் முடிந்த அந்த நிமிடமே இதுவும் முடிந்துவிட்டது, வேறு கோணத்திலிருந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி. வியாழன், ஐந்தாவது பாடவேளை, எட்டாம் வகுப்பு, கணக்கு, இன்ன ஆசிரியர். இந்த ஐந்து விவரமும் சேர்ந்தது ஒரு செய்தி. பள்ளியின் ஒரு வாரம் என்பது இப்படிப்பட்ட செய்திகளின் குவியல். வகுப்பை வைத்துப் பிரித்தால் வகுப்பு அட்டவணை, ஆசிரியரை வைத்துப் பிரித்தால் ஆசிரியர் அட்டவணை.

பல பள்ளிகளில் இதைக் கையால்தான் செய்கிறார்கள். ஒருவர் வகுப்புத் தாளைப் பார்த்து வாசிப்பார், இன்னொருவர் ஆசிரியர் தாள்களில் குறித்துக்கொண்டே போவார். சின்னப் பள்ளியில் ஒரு மதியத்தில் முடிந்துவிடும் வேலை. ஆனால் ஜூலையில் ஒருவருக்கு மாறுதல் வரும், ஆகஸ்டில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போவார். வகுப்பு அட்டவணையில் நாலு கட்டம் மாறும். ஆசிரியர் தாளில் அதில் மூன்று மட்டும் திருத்தப்படும். அன்றிலிருந்து பள்ளியில் இரண்டு டைம்டேபிள் ஓடத் தொடங்கும், எது சரி என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஆசிரியர் அட்டவணையை எழுதிக்கொள்வதைவிட, வகுப்பு அட்டவணையிலிருந்து தானாக வரவைப்பது நல்லது. அதற்கு எக்செல் போதும்.

ஒரு மாதிரிப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்பு, வகுப்புக்கு ஒரு பிரிவு. நாளைக்கு எட்டு பாடவேளை, வாரத்துக்கு ஐந்து நாள். ஒரு வகுப்புக்கு 40 கட்டம், ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 200 கட்டம்.

முதலில் ஐந்து தனித்தனித் தாள்களையும் ஒரே தாளாக்க வேண்டும். எக்செலில் `Main` என்று ஒரு ஷீட். முதல் பத்தியில் நாள், இரண்டாவதில் பாடவேளை எண், அதற்கடுத்த ஐந்து பத்திகளில் ஐந்து வகுப்புகள். மேல் வரிசையில் தலைப்பு. அதற்குக் கீழே திங்கள் 1, திங்கள் 2 என்று தொடங்கி வெள்ளி 8 வரை 40 வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் நாளின் பெயர் இருக்க வேண்டும். அழகுக்காக 'திங்கள்' என்று ஒரு தடவை எழுதி எட்டு வரிசையையும் மெர்ஜ் செய்துவிட்டால், முதல் வரிசையைத் தவிர மற்ற ஏழுக்கும் நாளே இல்லை என்றுதான் எக்செல் எடுத்துக்கொள்ளும். எக்செலில் செய்த டைம்டேபிள்கள் பாதிக்குப் பாதி இந்த மெர்ஜில்தான் அடிபடுகின்றன என்பது என் எண்ணம்.

அடுத்து, கட்டத்துக்குள் என்ன எழுதுவது? பாடம் மட்டும் போதாது. எந்த வகுப்புக்கு எந்தப் பாடத்தை யார் எடுக்கிறார் என்ற பாடப் பங்கீட்டுத் தாள் தலைமை ஆசிரியரின் மேசையில் இருக்கும். அதிலிருந்து ஆசிரியரையும் இந்தக் கட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். பெயரை அப்படியே எழுதினால் ஓரிடத்தில் முன்னெழுத்தோடு இருக்கும், இன்னோரிடத்தில் இல்லாமல் இருக்கும். பெயருக்குப் பின்னால் தெரியாமல் ஒரு ஸ்பேஸ் விழுந்திருக்கும். போதாக்குறைக்கு, ஒரு தாளை வானவில் எழுத்துருவிலும் மற்றதை யூனிகோடிலும் தட்டியிருந்தால், கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு பெயர்.

சரி, ஒற்றை எழுத்தைக் குறியீடாக வைத்துக்கொள்ளலாமே, சண்முகத்துக்கு 'ச', சுமதிக்கு 'சு' என்று தோன்றும். அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. யூனிகோடில் 'சு' என்பது 'ச'வும் உகரக் குறியும் சேர்ந்தது. 'ச' எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னால் 'சு' இருக்கும் கட்டங்களும் மாட்டும். சுமதி டீச்சரின் பாடவேளையெல்லாம் சண்முகம் சார் கணக்கில் ஏறிவிடும்.

ஆகவே எல்லாருக்கும் ஒரே நீளத்தில் ஒரு குறியீடு: `T01`, `T02`, `T03`. முன்னால் அந்த T எதற்கு என்றால், வெறும் 03 என்று தட்டினால் எக்செல் அதை 3 என்று சுருக்கிவிடும். கட்டத்துக்குள் முதல் மூன்று எழுத்து ஆசிரியர் குறியீடு, ஓர் இடைவெளி, பிறகு பாடம். இந்த ஒழுங்கு எல்லாக் கட்டத்திலும் மாறாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நம் மாதிரிப் பள்ளியில் திங்கட்கிழமையின் முதல் நான்கு பாடவேளை இப்படி இருக்கிறது:

| பாட​வேளை | 6 | 7 | 8 | 9 | 10 |
|---|---|---|---|---|---|
| 1 | T01 தமிழ் | T05 சமூக அறிவியல் | T02 ஆங்கிலம் | T04 அறிவியல் | T03 கணக்கு |
| 2 | T06 கணக்கு | T01 தமிழ் | T03 கணக்கு | T02 ஆங்கிலம் | T04 அறிவியல் |
| 3 | T02 ஆங்கிலம் | T06 கணக்கு | T05 சமூக அறிவியல் | T01 தமிழ் | T07 உடற்கல்வி |
| 4 | T04 அறிவியல் | T03 அறிவியல் | T01 தமிழ் | T05 சமூக அறிவியல் | T02 ஆங்கிலம் |

இதில் `T03` ஐ மட்டும் விரல் வைத்துத் தொட்டுக்கொண்டு வாருங்கள். முதல் பாடவேளை பத்தாம் வகுப்பு, இரண்டாவது எட்டாம் வகுப்பு, மூன்றாவது ஓய்வு, நான்காவது ஏழாம் வகுப்பில் அறிவியல். வரிசைக்கு வரிசை இப்படித் தேடிப் பொறுக்குவதைத்தான் சூத்திரம் செய்யப்போகிறது.

இன்னொரு ஷீட்டைத் திறந்து, `B1` கட்டத்தில் ஆசிரியர் குறியீட்டை எழுதுங்கள். இரண்டாம் வரிசையில் `B2` முதல் `I2` வரை 1 முதல் 8. `A3` முதல் `A7` வரை திங்கள் முதல் வெள்ளி. நாளின் பெயர் `Main` ஷீட்டில் இருப்பதுபோலவே எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். பிறகு `B3` கட்டத்தில் இது:

```
=TEXTJOIN(" | ",TRUE,IF(
(Main!$A$2:$A$41=$A3)*
(Main!$B$2:$B$41=B$2)*
(LEFT(Main!$C$2:$G$41,3)=$B$1),
Main!$C$1:$G$1&MID(Main!$C$2:$G$41,4,20),""))
```

பார்க்கப் பயமாக இருந்தாலும் இது கேட்பது மூன்றே கேள்வி. இந்த வரிசையின் நாள் என் நாள்தானா? பாடவேளை என் பாடவேளைதானா? கட்டத்தின் முதல் மூன்று எழுத்து நான் தேடும் ஆசிரியரா? மூன்றுக்கும் ஆம் என்றால் அந்தப் பத்தியின் தலைப்பிலிருந்து வகுப்பையும், கட்டத்தின் மிச்சத்திலிருந்து பாடத்தையும் எடுத்து ஒட்டித் தரும். `B3` கட்டத்தை மற்ற 39 கட்டத்துக்கும் இழுத்து நிரப்பினால் ஆசிரியரின் வாரம் முழுவதும் வந்துவிடும். `B1` கட்டத்தில் `T03` ஐ அழித்து `T05` என்று மாற்றினால் அட்டவணையும் சமூக அறிவியல் ஆசிரியருடையதாக மாறிவிடும்.

எக்செல் 2019 பதிப்பில் இதை எழுதி முடித்ததும் Ctrl+Shift+Enter அழுத்த வேண்டும், 2021 பதிப்பில் வெறும் Enter போதும். கூகுள் ஷீட்ஸில் சூத்திரம் முழுவதையும் `ARRAYFORMULA( )` அடைப்புக்குள் போட வேண்டும். பள்ளிக் கணினியில் 2010 போன்ற பழைய எக்செல் இருந்தால் `#NAME?` என்று வரும், அதற்கு `TEXTJOIN` தெரியாது. புதிதாக வாங்க வேண்டாம், இலவசமாகக் கிடைக்கும் கூகுள் ஷீட்ஸில் அதே கோப்பைத் திறந்தால் போதும்.

எக்செல் பழகியவர்கள் இந்த இடத்தில் `INDEX`, `MATCH` இரண்டையும் சேர்த்துச் சுருக்கமாக எழுதலாமே என்பார்கள். எழுதலாம், வேலையும் செய்யும். ஆனால் `MATCH` முதலில் கிடைத்ததோடு நின்றுவிடும். ஓர் ஆசிரியர் ஒரே பாடவேளையில் இரண்டு வகுப்பில் இருந்தால் ஒன்றை மட்டும் காட்டிவிட்டு மற்றதைப் பற்றி வாயே திறக்காது. ஆசிரியர் அட்டவணை போடுவதன் முக்கியமான பயனே அந்த இரண்டாவது வகுப்பைக் கண்டுபிடிப்பதுதான். `TEXTJOIN` கிடைத்ததையெல்லாம் கோர்த்துத் தருவதால், தவறு நம் கண்ணில் படும்.

அந்தத் தவறு எப்படி வருகிறது என்று பாருங்கள். பத்தாம் வகுப்புக்கு வியாழக்கிழமை எட்டாவது பாடவேளை கணக்கு. 'கடைசி பீரியட்ல பிள்ளைங்க தூங்கி வழியறாங்க சார், கணக்கை அஞ்சாவதுக்கு மாத்திக் குடுங்க' என்று வகுப்பாசிரியர் கேட்கிறார். நியாயமான கோரிக்கை. ஐந்தாவதில் இருந்த சமூக அறிவியலை எட்டாவதுக்கும், எட்டாவதில் இருந்த கணக்கை ஐந்தாவதுக்கும் மாற்றிவிடுகிறார் தலைமை ஆசிரியர். பத்தாம் வகுப்புத் தாளை எத்தனை முறை பார்த்தாலும் குறை தெரியாது. கணக்குக்கு வாரம் ஏழு பாடவேளை, ஏழும் இருக்கிறது. மறுநாள் காலையில் கணக்கு ஆசிரியர் வந்து நிற்பார்: 'சார், வியாழன் அஞ்சாவது பீரியட் எட்டாங் கிளாஸும் எனக்கு, பத்தாங் கிளாஸும் எனக்கு. எங்க போக?'

ஆசிரியர் அட்டவணையில் அந்தக் கட்டம் `8 கணக்கு | 10 கணக்கு` என்று உடனே காட்டிவிடும். இதைப் பள்ளிகளில் கிளாஷ் என்கிறார்கள். வகுப்புத் தாளில் இது தெரியவே தெரியாது. மோதும் இரண்டு கட்டமும் இரண்டு வெவ்வேறு தாளில் இருக்கின்றன, தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி.

தீர்ப்பதற்கும் ஆசிரியர் அட்டவணைதான் கைகொடுக்கும். பத்தாம் வகுப்பை இனி தொட வேண்டாம், எட்டாம் வகுப்பின் கணக்கை நகர்த்தப் பார்ப்போம். `T03` க்கு இப்போது வியாழன் எட்டாவது காலி. எட்டாம் வகுப்புக்கு அந்த நேரத்தில் ஆங்கிலம். இரண்டையும் மாற்றிப் போடலாமா? ஆங்கில ஆசிரியர் `T02` இன் அட்டவணையைத் திறந்தால் வியாழன் ஐந்தாவதில் அவர் ஆறாம் வகுப்பில் இருக்கிறார். முடியாது. `T03` க்கு வியாழன் மூன்றாவதும் காலி. எட்டாம் வகுப்பில் அப்போது தமிழ். தமிழாசிரியர் `T01` க்கு ஐந்தாவது ஓய்வு. இருவரும் தாங்கள் போகும் நேரத்தில் காலியாக இருக்கிறார்கள், மாற்றிவிடலாம். ஒரு வகுப்புக்குள் இரண்டு பாடத்தை இடம் மாற்றினால் இரண்டு ஆசிரியரின் வாரம் மாறுகிறது, இருவரையும் பார்க்க வேண்டும். முதல் மாற்றத்தின்போது சமூக அறிவியல் ஆசிரியர் எட்டாவதில் காலியாக இருந்தாரா என்றுகூட யாரும் பார்க்கவில்லை. நம் உதாரணத்தில் காலியாக இருந்தார், அது அதிர்ஷ்டம்.

கிளாஷ் இல்லாவிட்டாலும் தவறு இருக்கலாம். `T03` என்பதற்குப் பதிலாக ஓரிடத்தில் TO3 என்று, பூஜ்யத்துக்கு ஆங்கில எழுத்து ஓ விழுந்துவிட்டால், அந்தப் பாடவேளை யாருடைய அட்டவணையிலும் வராது. ஆசிரியருக்கு அது ஓய்வாகத் தெரியும், வகுப்பில் பிள்ளைகள் காத்துக்கொண்டிருப்பார்கள். இதைப் பிடிக்க ஒரு கூட்டல் போதும். `T03` க்கு எட்டு, ஒன்பது, பத்து வகுப்புகளில் கணக்கு ஏழேழு, ஏழாம் வகுப்பில் அறிவியல் ஆறு, ஆக 27 என்று பாடப் பங்கீடு சொல்கிறது. `Main` ஷீட்டில் எத்தனை கட்டத்தில் அவர் இருக்கிறார் என்று எண்ணிப் பார்க்க:

```
=SUMPRODUCT(--(LEFT(Main!$C$2:$G$41,3)=$B$1))
```

26 வந்தால் எங்கோ எழுத்துப் பிழை. எல்லா ஆசிரியருக்கும் இதைக் கூட்டினால் 200 வர வேண்டும்.

ஆனால் கிளாஷ் இந்தக் கூட்டலில் மாட்டாது. வியாழன் ஐந்தாவதில் இரண்டு வகுப்பில் இருந்தபோதும் `T03` க்கு 27 கட்டம்தான். மாறியது வேறு ஒன்று: அவருடைய வார அட்டவணையில் நிரம்பிய கட்டம் 26 ஆகக் குறைந்திருக்கும், ஏனென்றால் ஒரு கட்டத்துக்குள் இரண்டு வகுப்பு உட்கார்ந்திருக்கிறது. அதையும் எண்ணி அருகிலேயே வைத்துக்கொண்டால், இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசமே கிளாஷ்.

```
=SUMPRODUCT(--(B3:I7<>""))
```

இதற்கு `COUNTA` போட்டால் எப்போதும் 40 என்றே வரும். சூத்திரம் இருக்கிற கட்டம் வெறுமையாகத் தெரிந்தாலும் `COUNTA` அதை நிரம்பியதாகவே எண்ணும்.

வித்தியாசம் வந்தால் எல்லாமே தவறு என்றும் சொல்ல முடியாது. ஆறாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பையும் சேர்த்து மைதானத்துக்கு அழைத்துப்போகும் உடற்கல்வி ஆசிரியருக்கு ஒரே பாடவேளையில் இரண்டு வகுப்பு இருப்பது தெரிந்தே செய்தது. இப்படிப்பட்ட சேர்ந்த வகுப்புகளை ஒரு சிட்டையில் குறித்து வைத்துக்கொண்டால், வரும் வித்தியாசத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதன் மறுபக்கம்தான் மேல்நிலைப் பள்ளிகளில் சிக்கல். பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்தவர்களும் கணினி அறிவியல் எடுத்தவர்களும் தமிழ், ஆங்கிலம், இயற்பியலுக்கெல்லாம் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். தங்கள் பாடம் வரும்போது இரண்டாகப் பிரிவார்கள். அப்போது ஒரே கட்டத்துக்கு இரண்டு ஆசிரியர். நம் சூத்திரம் முதல் மூன்று எழுத்தை மட்டும் பார்ப்பதால் இரண்டாமவர் அதன் கண்ணில் படவே மாட்டார். அந்த வகுப்புக்கு இரண்டு பத்தி கொடுப்பதுதான் எளிய வழி. சேர்ந்து உட்காரும் பாடங்களை முதல் பத்தியில் மட்டும் எழுதிவிட்டு, பிரியும் பாடவேளையில் மட்டும் இரண்டாவது பத்தியை நிரப்ப வேண்டும். பத்தி கூடும்போது சூத்திரத்தில் `G` என்று இருக்கும் இடங்களையெல்லாம் கடைசிப் பத்தியின் எழுத்தாக மாற்ற மறக்கக் கூடாது. மறந்தால் பிழை என்று எதுவும் காட்டாது, கடைசி வகுப்பு மட்டும் எல்லா ஆசிரியர் அட்டவணையிலிருந்தும் காணாமல் போயிருக்கும். 200 வருகிறதா என்று பார்த்தோமே, அந்தக் கூட்டலும் குறையும்.

இத்தனையும் சரியாக வந்த பிறகுதான் ஆசிரியர் அட்டவணை புதிதாகச் சில சங்கதிகளைச் சொல்லத் தொடங்கும். `T03` க்கு வாரம் 27 என்பது பெரிய சுமையாகத் தெரியாது, 40இல் 13 ஓய்வு இருக்கிறது. நாள்வாரியாகப் பார்த்தால் திங்கள் ஆறு, செவ்வாய் ஏழு, புதன் ஐந்து, வியாழன் ஐந்து, வெள்ளி நான்கு. செவ்வாய்க்கிழமை அவர் தொண்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதன் காரணம் எந்த வகுப்புத் தாளிலும் கிடைக்காது. வாரத்தில் சில நாட்கள் மட்டும் வரும் பகுதி நேர ஓவிய ஆசிரியருக்கு அவர் வராத நாளில் ஒரு பாடவேளை விழுந்திருந்தால், அதுவும் இங்கேதான் தெரியும்.

தினசரி இதைத் தேடி எடுக்க வைப்பது விடுப்புதான். காலை ஒன்பது மணிக்கு ஓர் ஆசிரியர் போன் செய்து வர முடியாது என்கிறார். அவருடைய ஐந்து பாடவேளைக்கும் ஆள் போட வேண்டும். அப்போது தேவைப்படுவது எல்லா ஆசிரியரும் ஒரே தாளில் இருக்கும் பெரிய அட்டவணை. ஆசிரியருக்கு ஒரு வரிசை, நாளும் பாடவேளையும் மேலே. அதே சூத்திரத்தில் குறியீடு, நாள், பாடவேளை எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்பதை மட்டும் மாற்றினால் அதுவும் வந்துவிடும். ஒரு பத்தியை மேலிருந்து கீழே பார்த்தால் வெறுமையாக இருப்பவர்களெல்லாம் அந்த நேரத்தில் ஓய்வு. ஆனால் யாரைப் போடுவது என்பதை இந்தத் தாள் சொல்லாது. வெள்ளிக்கிழமை அதிக ஓய்வு இருப்பவருக்கே வெள்ளிக்கிழமைதோறும் சப்ஸ்டிட்யூஷன் விழும், ஒரு மாதத்தில் அவர் முகம் மாறும். யாருக்கு எத்தனை தடவை போட்டோம் என்று தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும் தலைமை ஆசிரியருக்கு ஆசிரியர் அறையில் சண்டை குறைவு.

பெரிய பள்ளிகளுக்கு இதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் எஃப்.இ.டி (`FET`) அட்டவணையைத் தானே போட்டு, வகுப்புவாரியாகவும் ஆசிரியர்வாரியாகவும் தந்துவிடும். முப்பது நாற்பது பிரிவு இருந்தால் அதைக் கற்றுக்கொள்வது பலன் தரும். அட்டவணை ஏற்கெனவே கையில் இருக்கிறது, ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் போதும் என்கிற பள்ளிக்கு எக்செலே மிச்சம்.

கடைசியாக அச்செடுக்கும்போது ஒன்று. தாளின் தலையில் ஆசிரியரின் பெயரோடு, எந்தத் தேதியிலிருந்து இந்த அட்டவணை என்பதையும் போட வேண்டும். ஆகஸ்டில் புதுத் தாள் கொடுத்த பிறகும் ஜூன் மாதத் தாளை டைரியில் ஒட்டி வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். மாற்றம் வந்தால் ஆசிரியர் தாளில் பேனாவால் அடித்துத் திருத்துவதை விட்டுவிட்டு, `Main` ஷீட்டில் மாற்றி, கிளாஷும் கூட்டலும் பார்த்து, மாறியவர்களுக்கு மட்டும் புதிதாக அச்செடுத்துக் கொடுத்துவிட்டுப் பழையதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.